கர்ப்ப காலத்தில் கோல்ட் பிரஸ் ஜூஸ்: சேலத்தில் ஒரு பாட்டிலை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு பக்கம் எல்லாம் கோல்ட் பிரஸ் ஜூஸ் பாட்டில்கள் கிடைக்கின்றன. மாதச் சந்தா கட்டினால் காலையில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. கர்ப்பிணிகளுக்கென்றே தனி 'பேக்' போட்டு விற்பவர்களும் உண்டு. நான் கர்ப்பமாக இருந்தபோது இவற்றில் எதைக் குடிக்கலாம் என்று தெரிந்துகொள்ள, லேபிளை ஒரு பக்கமும் விற்பவரின் பதிலை ஒரு பக்கமும் மகப்பேறு மருத்துவரின் அறிவுரையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு பல நாள் குழம்பினேன். யாரும் தவறாகச் சொல்லவில்லை, ஆனால் நான் கேட்டதற்கு யாரும் நேராகவும் சொல்லவில்லை. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. கேட்க வேண்டிய கேள்வி எது என்று முதலில் தெளிவாகுங்கள்

சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா, பதப்படுத்தும் பொருள் இருக்கிறதா, பழம் இயற்கை முறையில் விளைந்ததா என்பதைத்தான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். கர்ப்ப காலத்தில் இவை அனைத்துக்கும் முன்னால் நிற்கும் கேள்வி, பிழிந்த பிறகு கிருமியைக் கொல்லும் வேலை ஏதாவது நடந்திருக்கிறதா என்பதே. 'கோல்ட் பிரஸ்' என்பது பிழியும் முறையை மட்டுமே சொல்கிறது. பிழிந்த சாற்றைப் பிறகு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

பச்சையாகப் பிழிந்து அப்படியே அடைத்த சாற்றில் ஈ கோலை, சால்மோனெல்லா, லிஸ்டீரியா ஆகிய கிருமிகள் வரக்கூடும். 1996இல் அமெரிக்காவில் பாஸ்சரைஸ் செய்யாத ஆப்பிள் ஜூஸில் இருந்த ஈ கோலையால் பலர் நோயுற்று ஒரு குழந்தை இறந்த பிறகுதான், அந்த நாட்டில் இத்தகைய பாட்டில்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் லிஸ்டீரியாவைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விட்டாலும், நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறத்தல் வரை கொண்டுபோகக்கூடியது. இரண்டாவது காரணம், இந்தக் கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெதுவாகப் பெருகும். 'எப்போதும் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தோம்' என்பது மற்ற பல கிருமிகளுக்குப் பதிலாகலாம். இதற்கு முழுப் பதில் ஆகாது. லிஸ்டீரியா இருப்பதால் சாற்றின் மணமோ சுவையோ மாறுவதும் இல்லை. ஆகவே மோந்து பார்த்து முடிவு செய்ய வழி கிடையாது. இத்தொற்று அரிதானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நேற்று ஒரு பாட்டில் குடித்துவிட்டவர் இன்றே பதற வேண்டியதில்லை. அவர் செய்ய வேண்டியது கடைசித் தலைப்பில் இருக்கிறது.

2. கையில் உள்ள பாட்டில் எந்த வகை என்று பிரியுங்கள்

கடையில் இருக்கும் பாட்டில்கள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை பச்சைச் சாறு. பிழிந்து, அடைத்து, குளிரில் வைத்து விற்பது. இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் குடிக்கச் சொல்லியிருப்பார்கள். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது இதுவே.

இரண்டாவது வகை, சூடாக்காமல் உயர் அழுத்தத்தால் கிருமியைக் கொன்ற சாறு. லேபிளில் எச்.பி.பி. என்று இருக்கும். மூடிய பாட்டிலைக் குளிர்ந்த நீர் நிரம்பிய கலனுக்குள் வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 6,000 மடங்கு அழுத்தத்தைச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். அந்த அழுத்தத்தைப் பாட்டில் நெகிழ்ந்து கொடுத்துத் தாங்க வேண்டும் என்பதால் இது பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வழக்கமாக வரும். குளிர்ப்பெட்டியிலேயே வைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று கெடு இருக்கும்.

மூன்றாவது வகை, சூடாக்கிப் பாஸ்சரைஸ் செய்தது. மளிகைக் கடைத் தட்டில் குளிர் இல்லாமலே நிற்கும் அட்டைப் பெட்டி ஜூஸ்கள் இந்த வகை. கிருமி என்ற கணக்கில் இவை பாதுகாப்பானவை. சர்க்கரைக் கணக்கு வேறு, அதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிப் பாட்டில், மூன்று நாள் கெடு, 'சூடு படாதது' என்ற பெருமை ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால், வேறெதையும் படிக்காமலே அது பச்சைச் சாறு என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பாட்டில் அழகாக இருக்கிறது, பிளாஸ்டிக் இல்லை என்று நாம் மகிழ்ந்து எடுப்பது பெரும்பாலும் இந்தப் பாட்டிலைத்தான்.

3. லேபிளைப் படமெடுத்து, உட்கார்ந்து படியுங்கள்

கடையில் நின்றபடி படித்தால் பாதி விட்டுப்போகும். படத்தில் ஐந்து விவரங்கள் தெளிவாக விழுந்திருக்க வேண்டும்: தயாரித்த அல்லது அடைத்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானப் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்.

அந்த எண் 1இல் தொடங்கினால் உரிமம். 2இல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. foscos.fssai.gov.in தளத்தில் எண்ணை இட்டால் எந்தப் பெயரில், எந்த முகவரிக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பவை தெரியும். கட்டணம் இல்லை, சில நிமிடங்கள் போதும். ஆனால் இந்த எண் இருப்பதாலேயே சாறு பாஸ்சரைஸ் செய்யப்பட்டதாகிவிடாது. பச்சைச் சாறு விற்பவரிடமும் முறையான எண் இருக்கும். பலர் ஏமாறும் இடம் இதுதான். எண் இல்லாத பாட்டிலை ஒதுக்குவதற்கு இந்தச் சோதனை உதவும். எண் உள்ள பாட்டிலைக் குடிப்பதற்கு இது மட்டும் போதாது.

இரண்டு பாட்டில்களை வைத்துப் பார்ப்போம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு, சேலத்திலிருந்து வீட்டார் இவற்றை வாங்கி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 250 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் ஆப்பிள், பீட்ரூட், கேரட் கலந்த ஏபிசி ஜூஸ், விலை 140 ரூபாய். திங்கட்கிழமை காலை அடைத்தது, புதன்கிழமைக்குள் குடிக்க வேண்டும். கண்ணாடி என்பதால் உயர் அழுத்தம் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. 'சூடு படாதது' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பீட்ரூட்டும் கேரட்டும் மண்ணுக்குள் விளைபவை; லிஸ்டீரியா குடியிருப்பதும் மண்ணில்தான். காலையில் அடைத்த பாட்டில் இருசக்கர வாகனத்தில் ஒரு மணி நேரம், பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பேருந்தில் பைக்குள் இன்னொரு மணி நேரம் என்று வந்து, மதியம்தான் ஃப்ரிட்ஜுக்குள் போகிறது. இதைப் பச்சையாக அவருக்குக் கொடுக்கக்கூடாது. வீட்டில் வேறு யாராவது குடிக்கலாம், அல்லது ஆறாம் தலைப்பில் சொல்வது போலக் கொதிக்க வைக்கலாம்.

மற்றொன்று, 200 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் ஆரஞ்சும் அன்னாசியும் கலந்தது, விலை 160 ரூபாய். அடைத்து 20 நாள் ஆகிறது, இன்னும் 25 நாள் கெடு இருக்கிறது, எச்.பி.பி. என்று லேபிளிலேயே இருக்கிறது. '20 நாள் பழசா' என்று மாமியாரோ அம்மாவோ முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த இரண்டில் கர்ப்பிணிக்கு ஏற்றது இந்தப் பழையதுதான். கடையின் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, ஐஸ் பேக் வைத்த பையில் மலையேற்ற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

4. விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்

லேபிளில் எச்.பி.பி. என்றோ பாஸ்சரைஸ் செய்தது என்றோ இல்லாவிட்டால் தொலைபேசியில் பேசாமல் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் கையில் இருக்கும் என்பது ஒன்று. கடைப் பையன் தெரியாமல் சொல்வதைத் தவிர்த்து உரிமையாளரே பார்த்துப் பதில் சொல்வார் என்பது இன்னொன்று. நான் அனுப்பிய வாசகம் இது: 'நான் கர்ப்பமாக இருக்கிறேன். உங்கள் ஜூஸ் பிழிந்த பிறகு பாஸ்சரைஸ் அல்லது எச்.பி.பி. செய்யப்படுகிறதா? ஆம் எனில் எங்கே செய்யப்படுகிறது?'

'எங்கே' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உயர் அழுத்த இயந்திரம் கோடிக்கணக்கில் விலை போவது. சிறு கடையின் பின்கட்டில் இருக்காது. வெளியூர்த் தொழிற்கூடத்துக்கு அனுப்பிச் செய்து வாங்குகிறோம் என்றால் அது நம்பக்கூடிய பதில். 'காலையில் இங்கேயே பிழிந்து உடனே உங்களுக்கு வருகிறது' என்றும் சொல்லி 'எச்.பி.பி.யும் உண்டு' என்றும் சொன்னால் இரண்டும் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

எனக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை இந்த ரகம்: 'அக்கா, நம்மது நூறு சதவீதம் நேச்சுரல், கெமிக்கல் எதுவுமே இல்லை, நிறைய மாசமா இருக்கிறவங்க வாங்குறாங்க.' கேட்டதற்கு இது பதில் இல்லை. 'ஓசோன் தண்ணீரில் கழுவுகிறோம்' என்றால் பழத்தின் மேலிருக்கும் கிருமி குறையும், முழுதும் போய்விடாது. 'எலுமிச்சை சேர்த்திருக்கிறோம்' என்றால் புளிப்பு கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கலாம். ஏற்கெனவே இருப்பதைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. 1996இல் நோய் பரப்பிய ஆப்பிள் ஜூஸும் புளிப்புள்ளதுதான். 'உறைய வைத்து அனுப்புகிறோம்' என்பதும் அப்படியே. உறைநிலையில் லிஸ்டீரியா தூங்கும், சாகாது.

சந்தா முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் என்று கட்டிய பிறகு பணம் திரும்ப வராது, 'மீதியை வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்' என்பார்கள்.

5. நல்ல பாட்டிலையும் வழியில் கெடுக்காதீர்கள்

எச்.பி.பி. பாட்டில் அறை வெப்பத்துக்கானது அல்ல. அந்த அழுத்தத்தால் கிருமிகள் சாகும். சில கிருமிகளின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். புளிப்பில்லாத சாற்றில், அதாவது கேரட், பீட்ரூட், வெள்ளரி போன்றவற்றை மட்டும் பிழிந்ததில், வெப்பம் கிடைத்தால் அவை முளைக்கலாம். ஆரஞ்சு, அன்னாசி, திராட்சை போன்ற புளிப்புச் சாறுகளில் இந்தக் கவலை மிகக் குறைவு. அதனால் இரண்டும் கிடைக்கும் கடையில் புளிப்பான பழச்சாற்றையே எடுங்கள். கேரட்டையும் பீட்ரூட்டையும் பொரியலாகவே சாப்பிட்டுவிடலாம், நார்ச்சத்தும் போகாது.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கதவில் இருக்கும் எண் குமிழை நம்பாமல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்துப் பாருங்கள். பாட்டிலைக் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மின்சாரம் போனால் பல மணி நேரம் வராது. நான்கு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் அந்தப் பாட்டிலைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டாம். மலையில் குளிர்தானே என்று வெளியே வைப்பவர்கள் இருக்கிறார்கள். மலைக் குளிர் 4 டிகிரி அல்ல.

மூடியைத் திறந்துவிட்டால் அன்றே குடித்து முடியுங்கள். வாய் வைத்துக் குடித்த மீதியை எடுத்து வைக்காதீர்கள். பாட்டில் உப்பியிருந்தாலோ திறக்கும்போது சோடா போலச் சீறினாலோ சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

6. வீட்டில் செய்வதே மலிவு. ஆனால் அதற்கும் முறை உண்டு

வீட்டில் பிழிந்த சாறும் பச்சைச் சாறுதான். அது பாட்டிலைவிட மேலாவது, பிழிந்தவுடன் குடித்துவிடுவதால் கிருமிக்குப் பெருக நேரம் கிடைக்காது என்பதாலும், எந்தப் பழம் உள்ளே போனது என்பது நம் கண்ணுக்குத் தெரியும் என்பதாலும்தான். காலையில் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்து மாலையில் குடித்தால் அந்த நன்மை போய்விடும்.

ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சாக இருந்தாலும் சரி, தோலைத் தின்னப்போவதில்லையே என்று கழுவாமல் வெட்டாதீர்கள். கத்தி தோலிலிருக்கும் மண்ணைச் சுளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, பிறகு வெட்டுங்கள். அடிபட்ட, பூஞ்சை பிடித்த பழத்தைச் சாற்றுக்குப் போட வேண்டாம். கேரட், பீட்ரூட் என்றால் கழுவி, தோல் சீவி, ஆவியில் வேகவைத்துப் பிறகு மிக்ஸியில் அடிப்பது நல்லது. பல ஆயிரம் ரூபாய் போட்டு கோல்ட் பிரஸ் இயந்திரம் வாங்கத் தேவையில்லை. அதன் சல்லடையில் சிக்கிய சக்கையைக் கழுவி எடுப்பதே ஒரு வேலை, சரியாகக் கழுவாவிட்டால் அதுவே கிருமிக்கு வீடாகும்.

பச்சைச் சாறு பாட்டில் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, வீணாக்க மனமில்லை என்றால் பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். ஓரத்தில் குமிழி வருவது போதாது. முழுதும் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆக வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதிக்கும். லிஸ்டீரியாவைக் கொல்ல அது தாராளம். வைட்டமின் சி கொஞ்சம் போகும். கொதித்த ஏபிசி ஜூஸ் பிறகு ஜூஸாக இருக்காது. உப்பும் மிளகும் தட்டிப் போட்டால் நல்ல சூப்.

வெளியே குடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், முன்பே வெட்டி வைத்த பழத்தையும் ஐஸையும் தவிர்த்து, முழுப் பழத்தைக் கண்முன்னே கழுவி வெட்டச் சொல்லுங்கள். வெட்டி வைத்த முலாம்பழம் வேண்டவே வேண்டாம்; 2011இல் அமெரிக்காவில் லிஸ்டீரியா பரவி 33 பேர் இறந்தது முலாம்பழத்தால்தான். கர்ப்பகால சர்க்கரை இருப்பவர்கள் எந்த வகை ஜூஸுக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால்

எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டால் பரிசோதனையோ மருந்தோ பொதுவாகத் தேவைப்படாது. கவனித்து வந்தால் போதும். ஆனால் கவனிக்க வேண்டிய காலம் நீளமானது. அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தெரியும். கர்ப்பிணிகளுக்கு அரிதாகப் பத்து வாரம் கழித்தும் வரலாம். அதற்குள் எந்தப் பாட்டிலைக் குடித்தோம் என்பதே மறந்துவிடும். அதற்காகத்தான் மூன்றாம் தலைப்பில் லேபிளைப் படமெடுக்கச் சொன்னேன். குடித்த தேதி, பில், விற்பவரின் வாட்ஸ்அப் பதில் ஆகியவற்றையும் அந்தப் படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், உடல் வலி, அசதி, தலைவலி, சில சமயம் வயிற்றுப்போக்கு என்று சாதாரண ஃப்ளூ போலவே தொடங்கும். காய்ச்சல் 100.6 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நீர் உடைந்தாலோ, வயிறு இறுகி இறுகி வலித்தாலோ காய்ச்சல் இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் இரவு மலை இறங்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு 108ஐ முன்கூட்டியே அழைப்பது நல்லது.

எடுத்துச் செல்ல வேண்டியவை தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார், மேலே சொன்ன படங்கள். மருத்துவரிடம் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லாமல், 'பாஸ்சரைஸ் செய்யாத ஜூஸ் இந்தத் தேதியில் குடித்தேன், லிஸ்டீரியாவுக்காக ரத்த கல்ச்சர் எடுக்க வேண்டுமா' என்று கேளுங்கள். வழக்கமான காய்ச்சல் பரிசோதனைகளில் இது தெரியாது. ரத்த கல்ச்சர்தான் காட்டும், முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். முடிவுக்குக் காத்திராமல் ஆம்பிசிலின் தொடங்குவது வழக்கம் என்பதால், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள். காய்ச்சலுக்கு எளிதாகக் கொடுக்கப்படும் செஃபிக்சிம் வகை மாத்திரைகளுக்கு லிஸ்டீரியா மசியாது. எந்த ஆன்டிபயாடிக்காக இருந்தாலும் முன்பே சாப்பிட்டுவிட்டால் கல்ச்சரில் கிருமி தெரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்குப் போவதானால் செலவைப் பற்றித் தயங்க வேண்டியதில்லை; தனியார் ஆய்வகத்தில் கல்ச்சருக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகலாம்.

அந்த விற்பனையாளரின் பாட்டில் மீதம் இருந்தால் கொட்டாமல், மூடியபடி பைக்குள் போட்டு, 'குடிக்க வேண்டாம்' என்று எழுதி ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். நோய் உறுதியானால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் 14 இலக்க எண்ணையும் லேபிள் படத்தையும் சேர்த்துப் புகார் செய்யலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்டால் காட்டுவதற்கு அந்தப் பாட்டில் வேண்டும்.